பல் கூச்சம்: சில்லென்று பட்டாலும் தித்திப்புப் பட்டாலும் சுளீர் என்பது ஏன்?

தமிழில் பல்லின் துன்பத்தைச் சொல்ல மூன்று வினைச்சொற்கள் இருக்கின்றன. பல் கூசுகிறது என்கிறோம், பல் குத்துகிறது என்கிறோம், பல் வலிக்கிறது என்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. புளியங்காயைக் கடித்தால் பல் கூசும். அதை யாரும் பல்வலி என்று சொல்வதில்லை. இரவெல்லாம் தூங்கவிடாமல் விண் விண் என்று தெறித்தால் அதைக் கூச்சம் என்று சொல்வதில்லை. நம் பாட்டிமார் பேச்சில் இருந்த இந்த வேறுபாடு, இன்றைய பல் மருத்துவர் நோயாளியிடம் கேட்டு அறிய முயலும் வேறுபாடேதான். பல் மருத்துவத்தில் பாதிப் பரிசோதனை இந்தச் சொல்லிலேயே முடிந்துவிடுகிறது என்றுகூடச் சொல்லலாம்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. டாக்டரிடம் இந்தியில் சொல்லும்போது கூச்சம், குத்தல், வலி மூன்றையும் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். கூச்சத்துக்கு இங்குள்ளவர்கள் 'தண்டா லக்தா ஹை', 'மீட்டா லக்தா ஹை' என்று தனியாகச் சொல்கிறார்கள். குளிர்ச்சி 'படுகிறது', இனிப்பு 'படுகிறது' என்று பொருள். அதைப் பழகிக்கொண்டால் நல்லது. ஜனவரி மாதத்து தில்லியிலும் லக்னோவிலும் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும்போது பலருக்கும் இந்தத் தொல்லை முதன்முதலாகத் தெரியவருகிறது. சென்னைக் குழாய்த் தண்ணீரில் பல வருஷம் ஒளிந்திருந்த குறை, வடக்கின் குளிரில் வெளியே வந்துவிடுகிறது. குளிர் அந்தக் குறையைக் காட்டிக்கொடுத்தது. குறையை உண்டாக்கியது வேறு. அது என்ன என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பல்லுக்குள் நடப்பது

நாம் கண்ணாடியில் பார்க்கும் வெள்ளை ஓட்டுக்குப் பெயர் எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதில் நரம்பு கிடையாது. அதனால் எனாமலுக்கு வலியும் கிடையாது. அதற்கு உட்புறம் இருப்பது டென்டின். சற்று மஞ்சள் நிறமாக, எனாமலைவிட மென்மையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் நடுவே சிறு அறைபோன்ற இடத்தில் இரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட சதை இருக்கிறது. இதைப் பல்கூழ் என்பார்கள். பேச்சு வழக்கில் நாம் 'பல்லின் நரம்பு' என்று சொல்வது இதைத்தான்.

டென்டின் பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்க நுண்குழல்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில், அதாவது கடுகின் மேற்பரப்பைவிடச் சிறிய இடத்தில், பல்லாயிரம் குழல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அகலம்தான். அவற்றுக்குள் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. குழலின் உள்முனை பல்கூழின் பக்கம் திறந்திருக்கிறது. நரம்பின் நுனிகள் அங்கே காத்திருக்கின்றன. வெளிமுனையை எனாமலும், ஈறுக்குக் கீழே வேரின்மீது மெல்லிய சிமென்டம் என்ற பூச்சும் மூடி வைத்திருக்கின்றன.

இந்த மூடி எங்காவது விலகினால்தான் கூச்சம் தொடங்குகிறது. குளிர்ந்த நீர் பட்டவுடன் குழலுக்குள் இருக்கும் திரவம் சுருங்கி வெளிப்பக்கம் சட்டென்று நகர்கிறது. அந்த நகர்வு உள்ளே இருக்கும் நரம்பு நுனியை இழுக்கிறது. சுளீர்! சுவீடன் நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் பிரேன்ஸ்ட்ராம் 1960களில் இதைச் சோதனைகளால் நிறுவினார். இன்றும் பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம் அதுதான். குளிர் நேராக நரம்பைத் தொடுவதில்லை; திரவம் நகர்ந்து நரம்பை உசுப்புகிறது.

இனிப்புக்கும் இதே கதைதான். ஊறுகாய் போடும்போது உப்பு மாங்காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே குழலுக்குள் இருக்கும் திரவத்தை வெளியே இழுக்கிறது. ஜிலேபியோ ரசகுல்லாவோ அறைச் சூட்டில் இருந்தாலும் பல் சுண்டுவது இதனால்தான். பல்லைக் காற்றில் உறிஞ்சும்போது கூசுவதும் திரவம் உலர்ந்து வெளிப்பக்கம் நகர்வதால்தான். ஆக, குளிர், தித்திப்பு, காற்று மூன்றும் தட்டுவது ஒரே கதவை. அந்தக் கதவு ஏன் திறந்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மூடி விலகும் வழிகள்

முதல் வழி, ஈறு இறங்குவது. ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் ஈறு கொஞ்சம் கீழே போயிருக்கும். வேரின்மேல் எனாமல் கிடையாது. இருக்கும் சிமென்டமும் மெல்லியது, சீக்கிரம் தேய்ந்துவிடும். டென்டின் வெளியே வந்துவிடுகிறது.

இரண்டாவது, தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் போடுவது. கெட்டி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ரம்பம் அறுப்பதுபோல் இடதும் வலதுமாக அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு, பல்லும் ஈறும் சேரும் கழுத்துப் பகுதியில் கோடரியால் கொத்தியதுபோல் ஒரு பள்ளம் விழும். நகத்தை வைத்துக் கழுத்தோரம் மெல்ல இறக்கினால் நகம் தட்டி நிற்கும். வலக்கைக்காரர்களுக்கு இது பெரும்பாலும் இடப்பக்கத்துக் கோரைப்பல்லிலும் அதற்கடுத்த பற்களிலும் தெரியும். கையின் பலமெல்லாம் அங்கேதான் விழுகிறது. சொரசொரப்பான பல்பொடி, அடுப்புக்கரி, செங்கல்பொடி இவையும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது, புளிப்பு. எலுமிச்சை, புளி, குளிர்பானங்கள், அடிக்கடி நெஞ்செரிந்து மேலே வரும் அமிலம் ஆகியவை எனாமலின் மேற்பரப்பைத் தற்காலிகமாக இளக்கிவிடுகின்றன. இளகிய நேரத்தில் பிரஷ் போட்டால் அது அப்படியே வழித்துக்கொண்டு வந்துவிடும்.

நான்காவதுதான் சொத்தை. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. எனாமலைத் துளைத்து டென்டினுக்கு வந்த பிறகே நமக்கு உணர்வு தெரிகிறது. அதோடு விரிசல், ஓரம் விலகிய பழைய சிமெண்டு அடைப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் மூன்றும் ஒரு கட்சி. நான்காவது வேறு கட்சி. முதல் கட்சியில் குழலின் வாய் மட்டும் திறந்திருக்கிறது. இரண்டாவது கட்சியில் கிருமி உள்ளே பயணம் செய்துகொண்டிருக்கிறது. முன்னதற்கு வீட்டு வைத்தியம் போதுமானதாக இருக்கலாம். பின்னதற்கு வீட்டு வைத்தியம் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை மட்டுந்தான்.

விநாடியை எண்ணுங்கள்

இரண்டு கட்சியையும் பிரித்தறிய நம் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சி ஒன்று, பிரிட்ஜில் வைத்த தண்ணீர் அரை டம்ளர், கைக்கண்ணாடி, டார்ச் இவ்வளவு போதும். ஏற்கெனவே விடாமல் வலிக்கும் பல்லில் இதைச் செய்ய வேண்டாம்.

பஞ்சுக்குச்சியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, முதலில் எந்தத் தொல்லையும் இல்லாத எதிர்ப்பக்கத்துப் பல்லில் வையுங்கள். அதுதான் நம் எடைக்கல். அங்கே ஒரு சில்லிப்புத் தெரியும், உடனே போய்விடும். பிறகு சந்தேகப் பல்லுக்கு ஒவ்வொன்றாக வாருங்கள். பஞ்சை ஒவ்வொரு முறையும் புதிதாக நனைத்துக்கொள்ளுங்கள். சுளீர் என்றதும் பஞ்சை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள்.

பஞ்சை எடுத்ததும் ஓரிரு விநாடியில் நின்று, அதுவும் பல பற்களில் கழுத்தோரமாக இருந்தால், அது பெரும்பாலும் வெறும் கூச்சம். ஒரே ஒரு பல்லில் மட்டும் கூசி, சில விநாடிகளில் விட்டுவிட்டால், சொத்தையோ விரிசலோ பழைய அடைப்போ காரணமாக இருக்கலாம். உள்ளே நரம்பு எரிச்சலுற்றிருக்கிறது, ஆனால் இன்னும் தேறக்கூடிய நிலை. பஞ்சை எடுத்த பிறகும் முப்பது விநாடி, ஒரு நிமிஷம் என்று வலி தங்கினால், அதன் பெயர் கூச்சமல்ல. பல்கூழ் வீங்கத் தொடங்கிவிட்டது. அது தானாகத் திரும்பும் நிலையைத் தாண்டியிருக்கலாம்.

இனிப்பையும் கணக்கில் சேருங்கள். குளிர்ச்சி நல்ல பல்லையும் சற்றுத் தொடும். இனிப்பு அப்படியல்ல. மூடி சரியாக உள்ள பல்லில் இனிப்பு ஒன்றும் செய்யாது. ஒரே பல், ஒரே இடம், அல்வாத் துண்டு அங்கே ஒட்டினால் சுளீர், வாய் கொப்பளித்து வழித்துவிட்டால் நிம்மதி என்றால் அங்கே ஓட்டை அல்லது விரிசல் இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் கறுப்பு தெரியவில்லை என்று விட்டுவிடக்கூடாது. இரண்டு பல்லுக்கு நடுவில் உண்டாகும் சொத்தை வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். தினமும் ஒரே சந்தில் உணவு மாட்டிக்கொள்வதும், பல் இடுக்கு நூல் அங்கே மட்டும் நைந்துபோவதும் அதற்கான வெளி அடையாளங்கள்.

விரிசலின் அடையாளம் வேறு. கடிக்கும்போது இல்லாமல், கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுளீர் என்று ஒரு குத்தல். அதே பல்லில் குளிர்ச்சியும் பட்டால் கூசும். கொட்டைப்பாக்கு கடிப்பவர்கள், ஐஸ் கட்டியைக் கடிப்பவர்கள், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள், பெரிய அடைப்பு உள்ள கடைவாய்ப்பல் கொண்டவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விரிசல் எக்ஸ்ரேயிலும் பல சமயம் தெரியாது. நாம் சொல்லும் இந்தக் குறிப்புத்தான் டாக்டருக்குத் துப்பு.

ஒரே வீட்டில் இரண்டு பல்

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் இது எளிதாக விளங்கும். கணவருக்கு வயது அறுபத்திரண்டு, மனைவிக்கு ஐம்பத்தாறு. ஒரே குளிர்காலத்தில் இருவருக்கும் பல் கூச்சம். விளம்பரத்தில் வரும் கூச்சப் பற்பசை ஒன்று வாங்கி இருவரும் பயன்படுத்தினார்கள்.

கணவருக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்று பல்லும் வலப்பக்கம் ஒன்றும் கூசின. காலையில் குழாய்த் தண்ணீர் பட்டால் மட்டும். ஒன்று என்று எண்ணுவதற்குள் நின்றுவிடும். இனிப்புக்கு ஏதோ லேசாக. சூடான காப்பிக்கு ஒன்றுமில்லை. நகத்துக்குத் தட்டும் பள்ளம் நான்கு பல்லிலும் இருந்தது. கெட்டி பிரஷ்ஷை விட்டு மென்மையான பிரஷ்ஷுக்கு மாறி, பற்பசையை இரண்டு வேளை தவறாமல் உபயோகித்தார். முதல் வாரம் வித்தியாசமே இல்லை. மூன்றாவது வாரத்தில் பாதி குறைந்தது. ஐந்தாவது வாரத்தில் பச்சைத் தண்ணீரில் கொப்பளிக்க முடிந்தது.

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் வலக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும். தீபாவளிப் பலகாரத்தின்போது ஆரம்பித்தது. முதலில் தித்திப்புக்கு மட்டும், நாலைந்து விநாடி. கார்த்திகை முடிவில் குளிர்ந்த நீருக்கும் வந்தது, பத்து விநாடி. மார்கழியில் சூடான டீ பட்டாலும் வலிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிஷம் நீடித்தது. அப்புறம் படுத்தால் வலி. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. பல் எது என்றுகூடக் காட்ட முடியாமல் காதுவரை இழுத்தது. ஒரு கட்டத்தில் குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டால்தான் வலி அடங்கியது. பிறகு ஒருநாள் வலி அறவே நின்றது. பற்பசை வேலை செய்துவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பல்லில் கடித்தால் வலி, பல் ஏதோ உயர்ந்துவிட்டாற்போல் தோற்றம், ஈறில் ஒரு சிறு கொப்புளம். பல் மருத்துவர் குளிர் வைத்துச் சோதித்தபோது அந்தப் பல்லில் உணர்வே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கருநிழல். நரம்பு இறந்துபோய்ச் சீழ் வேர் நுனிக்கு இறங்கியிருந்தது. வேர்க்குழாய் சிகிச்சை செய்து, மேலே உறை போட்டுப் பல்லைக் காப்பாற்றினார்கள்.

இந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள். தித்திப்பு, குளிர்ச்சி, பிறகு சூடு. விநாடி, நிமிஷம், பிறகு தூக்கம் கெடுதல். இது ஏணிப்படி. தித்திப்புக் கட்டத்திலேயே போயிருந்தால் சொத்தையைச் சுரண்டி அடைப்பதோடு ஒரே அமர்வில் முடிந்திருக்க வாய்ப்புண்டு. சூடு தாங்காமல் குளிர்ச்சியால் இதமாவது பல்கூழ் அழிந்துகொண்டிருப்பதன் அடையாளம். மருந்தில்லாமல் வலி திடீரென்று நிற்பது குணமல்ல. சொல்ல வேண்டிய நரம்பு செத்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் பொருள்.

வீட்டில் செய்யக்கூடியவை

வெறும் கூச்சத்துக்கான பற்பசைகளில் மிகப் பழக்கமானது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு, நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தது. குழாயின் பின்புறம் சிறு எழுத்தில் எழுதியிருக்கும். பொட்டாசியம் குழல் வழியாகச் சென்று நரம்பு நுனியை மந்தப்படுத்துகிறது. வேறு சில பற்பசைகளில் உள்ள ஸ்டானஸ் புளோரைடு, அர்ஜினின் போன்றவை குழலின் வாயை அடைக்கின்றன. எதுவானாலும் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்லக்கூடாது. காலை, இரவு இரண்டு வேளையும் இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். தேய்த்து முடித்தபின் நுரையைத் துப்புங்கள். நிறைய தண்ணீர் விட்டு வாயைக் கழுவிவிட்டால் மருந்தும் போய்விடும். இரவு படுக்கும்முன் விரல் நுனியில் பயறளவு எடுத்துக் கூசும் கழுத்தோரத்தில் தடவி அப்படியே விட்டுவிடுவது பலருக்கு நல்ல பலன் தருகிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நான்கு வாரமாகியும் குறையவில்லை என்றால் பற்பசையை மாற்றாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஈறோரத்தில் சாய்த்து வைத்துச் சிறு வட்டமாக நகர்த்தினால் போதும். எலுமிச்சை ஜூஸோ புளிப்போ சாப்பிட்ட உடனே பல் விளக்கக்கூடாது. வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கழித்து விளக்கலாம். எச்சில் அதற்குள் எனாமலைக் கெட்டிப்படுத்திவிடும்.

சொத்தைப் பல் என்று சந்தேகம் வந்து, டாக்டரிடம் போக ஓரிரு நாள் ஆகும் என்றால், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கொப்பளியுங்கள். அது சிக்கிய உணவை வெளியேற்றும். ஈறு வீக்கத்துக்கு இதம். சொத்தையை அது ஆற்றாது. அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். இனிப்பையும் பனிக்கூழையும் நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு வலி பொறுக்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு மாத்திரை, குறைந்தது ஆறு மணி இடைவெளியில். டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளில் ஆறு மாத்திரையைத் தாண்ட வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிராம்பு பற்றிக் கேட்காதவர் இல்லை. கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் என்ற பொருள் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும். கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: தமிழில் இலவங்கம் என்றால் சிலர் கிராம்பையும் சிலர் பட்டையையும் நினைக்கிறார்கள். வடக்கே 'லௌங்' என்றால் கிராம்பு மட்டும்தான், பட்டைக்கு 'தால்சீனி'. பட்டைத் தைலம் வாயைப் புண்ணாக்கும். சிறு பஞ்சில் ஒரே சொட்டு கிராம்புத் தைலத்தைச் சம அளவு தேங்காய் எண்ணெயுடன் கலந்து, பல்லின் ஓட்டையில் மட்டும் சில நிமிஷம் வைத்து எடுத்துவிட வேண்டும். ஈறில் பட்டால் வெந்துவிடும். விழுங்கக்கூடாது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கழுத்துப் பள்ளத்தால் வரும் கூச்சத்துக்கு இதனால் நிலையான பயன் கிடையாது.

இரவுக்கு ஒரு வார்த்தை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. அப்போது பல்லில் ஒட்டியிருக்கும் இனிப்பு விடியும்வரை கிருமிக்கு விருந்து. பல் விளக்கிய பின் பால், சர்க்கரை, இருமல் மிட்டாய் எதுவும் கூடாது. பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற வழக்கம் உள்ள வீடுகளிலும், மாலை உணவுக்குப் பின் பல் விளக்காமல் படுத்தால் அந்த வழக்கத்தின் பலன் பல்லுக்குக் கிடைக்காது.

செய்யக்கூடாதவை

ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் வைத்து அடக்கிக்கொள்வது ஒரு பழைய பழக்கம். அது அமிலம், கன்னத்துச் சதையையும் ஈறையும் வெள்ளையாக வேகவைத்துவிடும்.

புகையிலை சேர்ந்த பல்பொடிகளைப் பற்றி நாம் இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். மராட்டியத்தில் மிஸ்ரி, பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் குல், சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் வெல்லம் சேர்த்த குடாக்கு. பல் கூச்சத்துக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுப்பார்கள். புகையிலையில் உள்ள நிகோடின் சிறிது நேரம் வலியை மறக்கவைக்கும், அதனாலேயே பழக்கமாகிவிடும். ஈறு இறங்கும், பல் தேயும், வாய்ப்புற்று நோய்க்கும் வழி. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992ல் தடை செய்தது. வேறு பெயரில் விற்பது நிற்கவில்லை.

கடையில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்குவதும் வீண். பல் கூசுவது கிருமித் தொற்றுப் பரவியதால் அல்ல. உள்ளே பல்கூழ் வீங்கிய வலிக்கும் அந்த மாத்திரை போய்ச் சேராது; சொத்தையை நீக்குவதோ வேர்க்குழாயைச் சுத்தம் செய்வதோதான் வைத்தியம்.

பல் சுத்தம் செய்தால் கூச்சம் வரும், பல் ஆடும் என்று பயந்து போகாமலிருப்பவர்களும் உண்டு. வேரில் கட்டியாகப் படிந்திருந்த காரையை எடுத்தபின் அந்த இடம் திறந்து சில நாள் கூசுவது உண்மைதான்; பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். காரைதான் பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது சரியல்ல. ஈறையும் எலும்பையும் கீழே தள்ளியதே அதுதான். புதிதாக அடைத்த பல்லும் இரண்டு மூன்று வாரம் குளிருக்குக் கூசலாம். நாளாக ஆகக் குறைய வேண்டும். கூடினால் திரும்பிப் போக வேண்டும்.

எப்போது, என்ன சொல்லிப் போவது

வெறும் கூச்சம் நான்கு வாரத்தில் குறையாவிட்டால் சாவகாசமாக நாள் குறித்துப் போகலாம். ஒரே பல்லில் தித்திப்புப் பட்டால் இரண்டொரு வாரத்துக்குள் போங்கள். வலி அரை நிமிஷத்துக்கு மேல் தங்கினாலோ, சூட்டுக்கு வலித்தாலோ, தூக்கத்தில் எழுப்பினாலோ இரண்டொரு நாளில் போக வேண்டும். கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு. இரவாயிருந்தாலும் காத்திருக்கக்கூடாது.

பல்லில் குற்றமில்லாமலும் பல் வலிக்கும். ஜலதோஷத்தின்போது மேல்வரிசைக் கடைவாய்ப்பற்கள் ஒன்றாக வலித்து, குனிந்தால் அதிகமானால் கன்னத்துக் காற்றறையில் சளி கட்டியிருக்கலாம். குளிருக்கும் தித்திப்புக்கும் சம்பந்தமேயில்லாமல், மாடி ஏறும்போது மட்டும் கீழ்த்தாடை வலித்து, நின்றால் விட்டுப்போனால் பல் டாக்டரைத் தேட வேண்டாம். இருதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் வந்து, வியர்வையோ நெஞ்சுப் பாரமோ சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்முன் ஒரு துண்டுச்சீட்டில் ஐந்து விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பல், ஒன்றா பலவா. எது பட்டால்: குளிர்ச்சியா, தித்திப்பா, சூடா, கடியா. எடுத்த பின் எத்தனை விநாடி. எப்போது ஆரம்பித்து எப்படி மாறியது. இதுவரை என்ன தடவினீர்கள், என்ன விழுங்கினீர்கள். இரத்தம் நீர்க்கும் மாத்திரை, சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சேர்க்கவும். இந்தச் சீட்டை எந்த மொழி பேசும் டாக்டரிடம் காட்டிச் சொன்னாலும், அவர் குளிர் வைத்து, தட்டிப் பார்த்து, தேவையானால் எக்ஸ்ரே எடுத்துப் பாதி நேரத்தில் முடிவுக்கு வந்துவிடுவார். கழுத்துப் பள்ளமானால் புளோரைடு பூச்சோ பல் நிறத்து அடைப்போ போடுவார். சொத்தையானால் அடைப்பார். வலி தங்கும் பல்லானால் வேர்க்குழாய் சிகிச்சை பற்றிப் பேசுவார். பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நாமாகக் கேட்கும்முன், காப்பாற்ற முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.